விடுவிப்புக் கடிதமும் நிர்வாகத்தின் மௌனமும்

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் நெடுஞ்சாலையின் இடைவழியில் அமைந்த வாழப்பாடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகளும் நூற்பாலைகளும் தனியார் பள்ளிகளும் நிதி நிறுவனங்களும் பெருகியிருக்கின்றன. ஒரு குடும்பமே முதலாளியாகவும் நிர்வாகமாகவும் விளங்கும் இத்தகைய ஸ்தாபனங்களில் வேலைக்குச் சேர்வது பெரும்பாலும் வாய்வார்த்தையால் நடப்பதைப் போலவே, வேலையை விட்டு விலகுவதும் வாய்வார்த்தையால் முடிந்துபோவது நெடுநாளைய வழக்கம். ஆனால், விலகியவர் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ சென்று வேறு உத்தியோகம் தேடும் தினத்தில், அங்கே கேட்கப்படுபவை வாய்வார்த்தைகள் அல்ல. “ரிலீவிங் ஆர்டர் இருக்கிறதா, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் இருக்கிறதா?” என்பதே அங்கே எழும் முதற் கேள்வி. இந்த இரண்டு தாள்களுக்காகப் பழைய ஸ்தாபனத்தின் படியேறி, “முதலாளி ஊரில் இல்லை”, “ஆடிட்டர் வந்ததும் பார்க்கலாம்” என்ற பதில்களோடு திரும்புகிறவர்களுடைய சங்கடத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்விரு தாள்களும் ஒன்றல்ல. விடுவிப்புக் கடிதம் என்பது, இன்னார் கொடுத்த ராஜிநாமா ஏற்கப்பட்டு, இன்ன தேதியின் வேலைநேர முடிவோடு அவர் பணியினின்றும் விடுவிக்கப்பட்டார் என்று அந்த ஒரு நாளைப் பற்றிப் பேசுவது. அனுபவச் சான்றிதழோ, எந்தத் தேதியில் சேர்ந்து எந்தத் தேதிவரை என்ன பதவியில் என்ன வேலை பார்த்தார் என்று அந்தக் காலம் முழுவதையும் பற்றிப் பேசுவது. முன்னதில் கையெழுத்திட, பாக்கி ஏதுமில்லை என்று நிர்வாகத்திற்குத் திருப்தி ஏற்பட வேண்டும். பின்னதற்கு வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் இருந்தாலே போதும். ஆகவே, கணக்கு முடியவில்லை என்ற காரணத்தால் முன்னதைத் தாமதப்படுத்துகிற நிர்வாகம், அதே காரணத்தால் பின்னதையும் நிறுத்தி வைப்பதற்கு நியாயம் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் ஒரே வாக்கியத்தில் கேட்கிறவர்கள், தாமே இந்த வேற்றுமையை அழித்து, ஒன்றுக்கான தடையை மற்றொன்றின்மேலும் ஏற்றிக்கொள்ளுகிறார்கள்.

இனி, சட்டம் இதில் என்ன சொல்லுகிறது என்று பார்த்தால், படிப்பவர் எதிர்பார்ப்பதற்கு மாறான ஒரு சித்திரம் தெரியவரும். 1946ஆம் ஆண்டின் தொழில் நிலையாணைச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகளின் 16ஆம் விதி, நிரந்தரத் தொழிலாளி ஒவ்வொருவரும் பணிச் சான்றிதழ் பெற உரிமையுடையவர் என்று கூறியது. ஆயினும் அவ்வுரிமை எழும் சந்தர்ப்பங்களாக அது குறித்தவை பதவி நீக்கம், பணி முடிப்பு, ஓய்வு என்ற மூன்று மட்டுமே. தாமே ராஜிநாமா செய்தவர் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. அன்றியும், அச்சட்டம் பொதுவாக நூறு தொழிலாளருக்குக் குறையாத ஸ்தாபனங்களுக்கே உரியதாயிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமோ அந்த எல்லையை முந்நூறாக உயர்த்திவிட்டது. முப்பது பேர் வேலை செய்யும் ஒரு ஜவ்வரிசி வியாபார நிறுவனத்தின் கணக்கர் இந்த விதியின் நிழலில் ஒதுங்க முடியாது என்பது வெளிப்படை.

இதைவிட வியப்பானது வேறொன்று. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்து போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, அவர் வேலை முடிந்து போகும்போது ஒப்பந்தக்காரர் பணிச் சான்றிதழ் கொடுக்க வேண்டுமென்று 1971ஆம் ஆண்டின் மத்திய விதிகளே பணித்தன. 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் தன் 56ஆம் பிரிவில், அவர் கேட்டவுடன் அனுபவச் சான்றிதழ் அளிப்பதை ஒப்பந்தக்காரரின் கடமையாக்கியிருக்கிறது. படித்துப் பட்டம் பெற்று, மேசைமுன் அமர்ந்து, மாதச் சம்பளம் வாங்கும் கணக்கருக்கும் கணினிப் பொறியாளருக்கும் தனியார் பள்ளி ஆசிரியைக்கும் இத்தனை தெளிவான ஒரு வாசகத்தை இந்தத் தொகுப்புச் சட்டங்களில் நான் காணவில்லை. ஜெர்மனியில் தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, பணி முடிந்து செல்லும் ஒவ்வொருவருக்கும் எழுத்து மூலமான சான்றிதழை உரிமையாக அளித்து, அதில் மறைபொருளாகக் குறை சொல்லும் சொற்கள் இருத்தலாகாது என்றுகூட விதித்திருக்கிறது. நமக்கு முன்மாதிரியாயிருந்த ஆங்கில வழக்காற்றுச் சட்டமோ, வேலையாளுக்கு நற்சான்று கொடுக்க எஜமானன் கடமைப்பட்டவன் அல்லன் என்று 1800ஆம் ஆண்டிலேயே ஒரு தீர்ப்பில் சொல்லிவிட்டது. நம் முதலாளிகளிற் பலர் சான்றிதழை ஒரு தயவாகக் கருதுவதற்கு, அந்தப் பழைய மனோபாவத்தின் எச்சமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டத்தின் வாசகம் இவ்வளவு மெலிந்திருக்க, விலகுகிறவருடைய பலம் எதில் இருக்கிறது? சான்றிதழில் அன்று, ராஜிநாமாவில்தான் இருக்கிறது. ஏர் இந்தியாவில் விமானத் தொழில்நுட்பப் பணியாளராயிருந்த ஒருவர், விதிப்படி முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறொரு விமான நிறுவனத்திற்குச் சென்றபோது, பழைய நிர்வாகம் அவருடைய ராஜிநாமாவை ஏற்க மறுத்துத் திரும்பி வருமாறு பணித்தது. சஞ்சய் ஜெயின் வழக்கு என்று வழங்கும் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில், பணியினின்றும் விலகுவது ஊழியருடைய உரிமை என்றும், ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தாலோ, ஏற்பு அவசியம் என்று விதியே கூறினாலோ அன்றி, அவரை வேலை செய்யுமாறு நிர்ப்பந்திக்க இயலாது என்றும் தீர்ப்பளித்தது. இதன் தாத்பரியம், முன்னறிவிப்புக் காலத்தை முறையாக முடித்தவரை விடுவிப்பது முதலாளியின் கையெழுத்து அன்று என்பதே. அக்கையெழுத்து, ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட ஒன்றுக்கு அத்தாட்சியே தவிர, நிகழ்வதற்கான அனுமதி அன்று.

இந்த ஒரு நிலைப்பாட்டை மனத்திற்கொண்டால், கேட்கும் கடிதத்தின் தொனியே மாறிவிடும். “தயவுசெய்து என்னை விடுவியுங்கள்” என்று கடைசி நாளுக்குப் பிறகு எழுதுகிறவர், தாம் இன்னும் விடுவிக்கப்படவில்லை என்று தம் கைப்படவே ஒப்புக்கொள்ளுகிறார். “நான் விலகிய தேதியை உறுதிப்படுத்தும் கடிதத்தை அனுப்புங்கள்” என்று எழுதுகிறவரோ, விலகல் முடிந்த காரியம் என்பதைப் பணிவு குன்றாமலே நிலைநாட்டிவிடுகிறார். அவ்வாறே, ராஜிநாமாக் கடிதத்தின் இறுதியில் “தங்கள் சம்மதத்திற்குக் காத்திருக்கிறேன்” என்று மரியாதைக்காகச் சேர்க்கும் வாசகமும், சம்பளத்தை உயர்த்தாவிட்டால் விலகுவேன் என்பது போன்ற நிபந்தனையும், பின்னால் தேதியைப் பற்றிய தர்க்கம் எழும்போது எழுதியவரையே இடறிவிழச் செய்யும்.

இதை ஓர் உதாரணத்தின் வாயிலாக நடத்திப் பார்ப்போம். வாழப்பாடிக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து தினந்தோறும் பஸ்ஸில் சேலம் சென்று, ஒரு சிறு வியாபார நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்க்கும் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் சேர்ந்தது 2022 ஜூன் 6. நியமனக் கடிதத்தில் முப்பது நாள் முன்னறிவிப்பு என்றிருக்கிறது. 2025 நவம்பர் 3, திங்கட்கிழமை, அவர் ராஜிநாமாவைக் கொடுக்கிறார். கொடுத்த நாளை நீக்கி மறுநாளிலிருந்து எண்ணினால், முப்பதாவது நாள் டிசம்பர் 3, புதன்கிழமையாகும். அந்தத் தேதியை அவர் நிர்வாகத்தின் ஊகத்திற்கு விடாமல், “என் கடைசிப் பணி நாள் 3.12.2025” என்று கடிதத்திலேயே எழுதிவிடுகிறார்; கடிதத்தின் நகலில், பெற்றுக்கொண்டேன் என்ற கையெழுத்தையும் தேதியையும் மேலாளரிடம் வாங்குகிறார். மேலாளர் கையெழுத்திடத் தயங்கினால், அதே நாளில் மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் அனுப்பிவிட வேண்டும். தொன்றுதொட்டு இக்காரியத்திற்கு உதவிவந்த பதிவுத் தபால் 2025ஆம் ஆண்டில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், அஞ்சலகத்தில் இப்போது விரைவுத் தபாலில் பதிவு வசதியையும் சேர்ப்பு அத்தாட்சியையும் தனியே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

முன்னறிவிப்பு நாட்களில் அவர் செய்ய வேண்டியவற்றில் முக்கியமானது ஒப்படைப்பு. சிறு ஸ்தாபனங்களின் மௌனத்திற்குப் பகைமையைவிட அச்சமே மிகுதியான காரணம் என்பது என் அபிப்பிராயம். கணக்கர் போய்விட்ட பிறகு ஜி.எஸ்.டி. கணக்கின் கடவுச்சொல் தெரியாமல் போனால் என்ன செய்வது, ஒரு செக் புத்தகம் குறைந்தால் யாரைக் கேட்பது என்ற அச்சம். ஆகவே அவர், தம்மிடமிருந்த பேரேடுகள், சாவிகள், செக் புத்தகங்கள், டாலி மென்பொருளின் கடவுச்சொல், வசூலாகாத பாக்கிகளின் ஜாபிதா ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பெற்றுக்கொண்டவருடைய கையொப்பத்தை வாங்கி வைக்கிறார். இந்தப் பட்டியல் இருக்கும்வரை, “அவர் எதையும் ஒப்படைக்கவில்லை” என்ற சமாதானம் நிற்காது. இதைச் செய்யாமல் கடைசி நாளுக்கு மறுநாள் தொலைபேசியை மட்டும் நம்புகிறவர்களுக்கு மாதங்கள் கழிவதை நாம் பார்க்கிறோம்.

டிசம்பர் 3 கழிந்தது. ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ராஜிநாமா செய்தவருக்கும் சேர வேண்டிய ஊதியம் இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. அதன்படி டிசம்பர் 5, வெள்ளிக்கிழமைக்குள் அவருக்கு டிசம்பர் மாதத்து மூன்று நாள் சம்பளம் வந்திருக்க வேண்டும். அச்சட்டம் கூறுவது ஊதியத்தைப் பற்றித்தான், சான்றிதழைப் பற்றியன்று. ஆயினும், ஊதியம் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டால், கணக்கு முடியவில்லை என்று கூறிக் கடிதத்தைத் தாமதிப்பதற்கு இடமில்லாமற் போகிறது. ஐந்தாண்டுத் தொடர் பணி முடியாததால் பணிக்கொடை என்ற விவகாரம் இங்கே எழவில்லை.

ஒரு வாரம் பொறுத்தும் விடுவிப்புக் கடிதம் வராத நிலையில், டிசம்பர் 10 அன்று அவர் எழுதும் கடிதம் நீளமாயிருக்கத் தேவையில்லை. பின்வருமாறு அமைந்தால் போதும்:

“ஐயா, நான் 6.6.2022 முதல் 3.12.2025 வரை தங்கள் நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினேன். 3.11.2025 தேதியிட்ட என் ராஜிநாமாவைத் தாங்கள் அன்றே பெற்றுக்கொண்டீர்கள். முன்னறிவிப்புக் காலத்தை முழுவதும் பணியாற்றி முடித்து, 3.12.2025 அன்று எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். பட்டியலின் நகல் இத்துடன் உள்ளது. என் விலகலை உறுதிப்படுத்தும் கடிதத்தையும், தனியாக அனுபவச் சான்றிதழையும் 17.12.2025க்குள் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் சௌகரியத்திற்காக இரண்டின் மாதிரி வாசகத்தையும் இணைத்திருக்கிறேன். என்னிடமிருந்து வர வேண்டியது ஏதேனும் இருப்பின், அதை எழுத்தில் தெரிவிக்கவும்.”

இதில் நிர்வாகத்தைப் பழிக்கும் சொல் ஒன்றும் இல்லை, மிரட்டலும் இல்லை. மாதிரி வாசகத்தை இணைப்பது சிலருக்கு அதிகப்பிரசங்கமாகத் தோன்றலாம். ஆனால் மனிதவளப் பிரிவு என்ற ஒன்றே இல்லாத ஓர் ஆபீஸில், அந்தக் கடிதத்தை யார் எழுதுவது, எப்படி எழுதுவது என்று தெரியாமையே பாதித் தாமதம். தலைப்புத் தாளில் அச்சிட்டுக் கையெழுத்திட்டால் போதும் என்ற நிலையை உண்டாக்குவது, முதலாளிக்கும் உபகாரமே. கடைசி வாக்கியம் அதைவிட நுட்பமானது. உண்மையாகவே பாக்கி இருந்தால் அது இன்னதென்று தெரிந்துவிடும். இல்லையானால், கேட்டும் ஒன்றும் சொல்லவில்லை என்பதே பின்னாளில் ஒரு சாட்சியமாகும்.

டிசம்பர் 17ஆம் தேதியும் கழிந்தால், இரண்டாவது கடிதம் மேலாளருக்கு அன்றி, உரிமையாளருக்கோ கூட்டாளிகளுக்கோ நிறுவனத்தின் பதிவு பெற்ற முகவரிக்குச் செல்ல வேண்டும். அதன் பின்னரே வழக்கறிஞர் நோட்டீஸ். ஊதியம் நிலுவையிலிருந்தால் சேலத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுப்பது பயன் தரும். அங்கே சம்பளத்திற்காக அழைக்கப்படும் முதலாளி, பேச்சுவார்த்தையில் சான்றிதழையும் சேர்த்தே கொடுத்துவிடுவதுண்டு. சான்றிதழ் மட்டுமே குறையாயிருந்தால், வழக்குக்கு முந்திய சமரசத்திற்காகச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் அங்கே இலவச உதவி உண்டு. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு என்பது தனியார் வியாபார நிறுவனத்திற்கு எதிராகப் பொதுவாகச் செல்லாது. உரிமையியல் நீதிமன்றத்தில் செயலுறுத்துக் கட்டளை கோரி வழக்கிடலாம் என்றாலும், வழக்கு முடியும் வேளையில் புதிய உத்தியோகத்திலேயே மற்றொரு சான்றிதழ் வாங்கும் அனுபவம் அவருக்குச் சேர்ந்திருக்கும்.

ஆகவே, கடிதம் வரும்வரை கையிலிருக்கும் அத்தாட்சிகளைக் கொண்டு காரியத்தை நடத்துவதே விவேகம். அவற்றுள் தலையாயது வருங்கால வைப்பு நிதிப் பதிவு. உறுப்பினர் தம் கணக்கில் நுழைந்து ‘Service History’ என்ற பகுதியைத் திறந்தால், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் நிறுவனத்தின் பெயரும் அரசாங்க அமைப்பு ஒன்றின் பதிவாகவே தென்படும். பல புதிய நிர்வாகங்கள் பணி விவரத்தைச் சரிபார்ப்பதும் இதைக் கொண்டுதான். விலகிய தேதியைப் பதிய வேண்டியவர் பழைய முதலாளி. அவர் பதியாமல் விட்டால், 2020ஆம் ஆண்டு முதல் உறுப்பினரே ‘Mark Exit’ என்ற வழியில், ஆதாரோடு இணைந்த தொலைபேசிக்கு வரும் எண்ணைக் கொண்டு, அதைப் பதிந்துகொள்ளலாம். ஆனால் கடைசிச் சந்தா செலுத்தப்பட்டதிலிருந்து இரண்டு மாதம் கழிய வேண்டும். பதியும் தேதியும் கடைசிச் சந்தாவுக்குரிய மாதத்திற்குள் அமைய வேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் நம் கணக்கருக்கு ஒரு கண்ணி இருக்கிறது. டிசம்பரில் அவர் வேலை செய்தது மூன்றே நாள். அந்த மூன்று நாள் ஊதியத்திற்கான சந்தா, ஜனவரி 15க்குள் நிர்வாகத்தால் செலுத்தப்பட வேண்டியது. சொற்பத் தொகை என்று அதை விட்டுவிட்டால், வைப்பு நிதிப் பதிவில் கடைசி மாதம் நவம்பராகிவிடும். டிசம்பர் 3 என்ற உண்மையான தேதியை அவரால் பதியவே முடியாது. பிறகு சான்றிதழில் ஒரு தேதியும் வைப்பு நிதியில் வேறொரு தேதியுமாக நின்று, புதிய இடத்தில் விளக்கம் கேட்கப்படும். ஆகையால், ஜனவரி நடுவில் அவர் தம் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, டிசம்பர்ச் சந்தா வரவாகியிருக்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆகவில்லையானால், சான்றிதழுக்காக எழுதும் கடிதத்திலேயே அதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். இத்துடன், சம்பளம் வரவான வங்கிக் கணக்கின் பிரதி, நியமனக் கடிதம், ஒப்பம் பெற்ற ராஜிநாமா நகல், இடையில் எழுதிய கடிதங்கள் ஆகியவற்றைப் புதிய நிர்வாகத்திடம் காட்டி, விடுவிப்புக் கடிதம் வந்ததும் சமர்ப்பிப்பதாக எழுத்தில் தெரிவித்தால், அவகாசம் கொடுக்கும் ஸ்தாபனங்கள் பல உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதனினும் கொடிய ஒரு வழக்கத்தைக் குறிக்காமல் விடலாகாது. சேலம், நாமக்கல் பகுதிகளில் நிறைந்திருக்கும் தனியார் கல்வி நிலையங்களில் சேரும் ஆசிரியர்களிடம் அசல் பட்டச் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, கல்வியாண்டின் நடுவே விலகினால் திருப்பித் தர மறுப்பது என்ற அந்த வழக்கம், தமிழகமெங்கும் புகாருக்கு உள்ளான ஒன்று. கொடுக்க வேண்டிய ஒன்றைக் கொடாமல் தாமதிப்பது வேறு. பிறர் உடைமையைப் பிடித்து வைப்பது வேறு. ஒரு வழக்கறிஞர் தமக்கு வர வேண்டிய கட்டணத்திற்காகக் கட்சிக்காரரான கூட்டுறவு வங்கியின் வழக்குக் கட்டுகளைப் பிடித்து வைத்தபோது, அத்தகைய தாள்கள் ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு கூறும் சரக்குகள் ஆகா, ஆதலால் அவற்றின்மேல் பற்றுரிமை இல்லை என்று ஆர். டி. சக்ஸேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் கூறியது. விற்றுப் பணமாக்க முடியாத கல்விச் சான்றிதழுக்கும் அந்த நியாயம் பொருந்துவதே. நிர்வாகத்திற்கு நஷ்டம் என்றால், முன்னறிவிப்புக் காலத்துக்கான தொகையை ஒப்பந்தப்படி கோரலாம். பட்டத்தை அடமானமாக்க முடியாது. ஆகவே அசல் சான்றிதழைத் திருப்பிக் கேட்கும் கடிதம், மேலே கண்ட கடிதத்தோடு கலவாமல் தனியே, முதல் நாளிலேயே, இன்னும் அழுத்தமான சொற்களில் எழுதப்பட வேண்டும்.

கடைசியாக, நம் கணக்கருக்கு ஜனவரியில் ஒரு நாள் உறை வந்து சேருகிறது என்று கொள்வோம். வந்ததே பெரிது என்று மகிழ்ந்து அதைக் கோப்பில் செருகிவிடாமல், பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா, சேர்ந்த ஆண்டு 2022 என்றிருக்கிறதா, விலகிய தேதி வைப்பு நிதிப் பதிவோடு ஒத்திருக்கிறதா, கையெழுத்திட்டவருடைய பதவியும் முத்திரையும் உண்டா என்று அவர் உடனே பார்க்க வேண்டும். பிழை இருந்தால் அன்றே திருத்தக் கேட்பது எளிது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால், அதைத் தட்டச்சு செய்தவரும் அந்த நிறுவனத்தை விட்டுப் போயிருக்கக் கூடும்.